கிளியரிங் ஏஜென்டுக்கு என்ன எழுதுவது? ஒரு போத்தல் சரக்கை வைத்துப் படிப்படியாக

"அண்ணே, சைனாவில இருந்து கொஞ்சம் தண்ணிப் போத்தல் எடுக்கப் போறன். எச்.எஸ். கோட் என்ன? டியூட்டி எவ்வளவு வரும்?"

புறக்கோட்டைப் பக்கம் தொழில் செய்யும் எந்தக் கிளியரிங் ஏஜென்டின் வாட்ஸ்அப்பிலும் இப்படி ஒரு செய்தி கிடக்கும். எச்.எஸ். கோட் என்பது சுங்கம் பொருட்களை வகைப்படுத்தும் எண். இந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்ல யாராலும் முடியாது. ஸ்டீல் போத்தலின் இரண்டு சுவருக்கும் நடுவே வெற்றிடம் இருந்தால் அது 9617. ஒற்றைச் சுவர் ஸ்டீல் என்றால் 7323. பிளாஸ்டிக் என்றால் 3924. அலுமினியம் என்றால் 7615. நான்கும் கடையில் ஒரே தட்டில் நிற்கலாம். சுங்கத்தின் கண்ணில் அவை நான்கு வெவ்வேறு பொருட்கள், வரியும் வேறுபடலாம். கேட்ட மாதிரியே பதிலும் வரும்: "ஏழாயிரத்துச் சொச்சம் கோட் போடலாம் தம்பி, பாப்பம்." அந்தப் "பாப்பம்" சரக்கு கொழும்பில் இறங்கிய பிறகு செலவாக மாறுகிறது.

புதிதாக இறக்குமதி தொடங்கும் ஒருவர் ஏஜென்டுக்கு எப்படி எழுத வேண்டும் என்பதை ஒரு மாதிரிச் சரக்கை வைத்துப் பார்ப்போம். நிங்போ துறைமுகத்திலிருந்து கொழும்புக்கு 85 பெட்டிகள், பிறர் சரக்கோடு ஒரே கொள்கலனில் வரும் எல்.சி.எல். சரக்கு. மூன்று வகை: வெற்றிடப் போத்தல், ஒற்றைச் சுவர்ப் போத்தல், போத்தலும் பேனாவும் குறிப்பேடும் சேர்ந்த அன்பளிப்புப் பெட்டி.

எப்போது எழுதுவது

முற்பணம் அனுப்புவதற்கு முன். பலர் கப்பல் புறப்பட்ட பிறகு, சரக்கை ஏற்றியதற்கான பத்திரமான பி.எல்.லின் பிரதியை அனுப்பிவிட்டு "இதைக் கிளியர் பண்ணித் தாங்கோ" என்கிறார்கள். அப்போது இன்வொய்ஸின் வர்ணனை எழுதியாகிவிட்டது, ஏற்றுமதி நாட்டில் எடுக்கவேண்டிய சான்றிதழ் எடுபடவில்லை, லைசென்ஸ் தேவைப்படும் பொருளானால் அதை வாங்கும் நேரமும் போய்விட்டது. ஏஜென்டுக்கு அதற்குப் பிறகு செய்யக்கூடியது அதிகமில்லை.

எழுதும் முன் சப்ளையரிடம் கேட்க வேண்டியவை

கோட்டை ஏஜென்ட் சொல்வார். பொருள் என்ன என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆகவே முதல் வேலை சப்ளையரிடம்.

வெற்றிடப் போத்தலுக்குச் சப்ளையர்கள் பெரும்பாலும் "டபுள் வோல்" என்றுதான் எழுதுவார்கள். அது போதாது. இரண்டு சுவருக்கும் நடுவே வெறும் காற்று இருக்கும் மலிவான போத்தல்களும் உண்டு. அவை 9617இல் சேரமாட்டா, ஸ்டீல் வீட்டுப் பாவனைப் பொருளாக 7323.93க்கே போகும். "இடையில் வெற்றிடம் உண்டா, ஆம் அல்லது இல்லை" என்று நேராகக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். மாதிரி கையில் இருந்தால் கொதிநீரை ஊற்றி மூடி, பத்து நிமிடம் கழித்து நடு உடலைத் தொட்டுப் பாருங்கள். வெற்றிடம் இருந்தால் வெளிச்சுவர் சூடேறாது. மூடியை அண்டிய கழுத்துப் பகுதி சற்றுச் சுடலாம், அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

அடுத்தது மூடி. இப்போது பல போத்தல்களின் மூடியில் வெப்பநிலையைக் காட்டும் சிறு திரை இருக்கிறது. அந்தத் திரை பொருளின் தலைப்பை, அதாவது கோட்டின் முதல் நான்கு இலக்கங்களை, மாற்றாது, போத்தல் போத்தல்தான். ஆனால் உள்ளே இருக்கும் லித்தியம் பட்டன் செல்லைப் பற்றிக் கப்பல் முகவர் கேட்பார், பாதுகாப்புத் தரவுத் தாளைத் தரச் சொல்லலாம். தண்ணீர் குடிக்க நினைவூட்டும் "ஸ்மார்ட்" வகை என்றால் புளூடூத் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ரேடியோ அலை விடும் எதுவும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிக்குள் வரும். போத்தலுக்கு அப்படியொரு அனுமதி தேவைப்படும் என்று யாருக்கும் தானாகத் தோன்றாது.

சப்ளையர் தன் பங்குக்கு ஒரு கோட் தருவார், அதையும் வாங்கி வையுங்கள். முதல் ஆறு இலக்கங்கள் உலக சுங்க அமைப்பின் முறையைப் பின்பற்றும் நாடுகள் எல்லாவற்றுக்கும் பொது. இலங்கைத் தீர்வை அட்டவணை அதன்மேல் இரண்டு சேர்த்து எட்டு இலக்கமாக வைத்திருக்கிறது, சீனாவில் பத்து. ஆகவே அவருடைய கடைசி இலக்கங்கள் நமக்கு உதவா. முதல் ஆறும்கூட அவர்கள் நாட்டு ஏற்றுமதிச் சலுகையை மனதில் வைத்து எழுதியதாக இருக்கலாம். அதைத் துப்பாக எடுங்கள், தீர்ப்பாக எடுக்காதீர்கள்.

அன்பளிப்புப் பெட்டி

ஆள்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். போத்தல், பேனா, குறிப்பேடு மூன்றும் ஒரு அழகான பெட்டிக்குள், ஒரே விலையில் வருகின்றன. "செட்" என்று எழுதி எல்லாவற்றையும் போத்தலின் கோட்டில் போட்டுவிடலாம் என்று தோன்றும்.

வகைப்படுத்தல் விதிகளில் சில்லறை விற்பனைச் செட் என்று ஏற்கப்பட மூன்று நிபந்தனைகள் உண்டு. வெவ்வேறு தலைப்புகளில் வரக்கூடிய இரண்டு பொருட்களாவது இருக்க வேண்டும். அவை ஒரு குறிப்பிட்ட தேவைக்காகவோ ஒரே வேலைக்காகவோ சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். மறுபடி பொதி செய்யாமல் அப்படியே வாடிக்கையாளரிடம் விற்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு பிளாஸ்க்கும் அதிலிருந்து ஊற்றிக் குடிக்க இரண்டு ஸ்டீல் கோப்பையும் என்றால் மூன்றும் பொருந்தும். முழுவதும் பிளாஸ்க்கின் தலைப்பில் போகும். போத்தல், பேனா, குறிப்பேடு என்றால் இரண்டாவது நிபந்தனை விழுந்துவிடுகிறது. குடிப்பது ஒரு தேவை, எழுதுவது வேறு தேவை. அன்பளிப்பு கொடுப்பதே ஒரு தேவைதானே என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள், அதை நம்பி இறக்குவது புத்தியில்லை. போத்தல் 9617, பந்துமுனைப் பேனா 9608, குறிப்பேடு 4820 என்று பிரித்து அறிவிப்பதே பாதுகாப்பு.

பிரிக்க வேண்டுமென்றால் இன்வொய்ஸிலேயே விலை பிரிந்திருக்க வேண்டும். செட் ஒன்று 4 டொலர் என்றால், அலங்காரப் பெட்டியின் விலையை மூன்றுக்கும் பகிர்ந்து போத்தல் 2.40, குறிப்பேடு 1.15, பேனா 0.45 என்று சப்ளையரைக் கொண்டு எழுதுவியுங்கள். சரக்கு வந்தபிறகு நீங்களாகப் பிரித்துக் கொடுத்தால் மதிப்பீட்டு அதிகாரி அதை நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை.

மின்னஞ்சல்

வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளலாம், ஆனால் கேள்வியும் பதிலும் மின்னஞ்சலில் இருக்கட்டும். கொழும்பில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள். எந்த மொழியானாலும் வரிசை இதுதான்.

> தலைப்பு: நிங்போ–கொழும்பு எல்.சி.எல்., 85 பெட்டி போத்தல்கள்: வகைப்படுத்தலும் ஆவணங்களும் உறுதிப்படுத்த
>
> வணக்கம்.
>
> கீழ்க்காணும் மூன்று பொருட்களைச் சீனாவிலிருந்து எடுக்க இருக்கிறோம். முற்பணம் இன்னும் அனுப்பவில்லை. உங்கள் பதில் கிடைத்த பிறகே ஓடரை உறுதிப்படுத்துவோம்.
>
> 1. வெற்றிடப் போத்தல், 500 மில்லிலீற்றர். உள்ளும் வெளியும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இடையில் வெற்றிடம் (சப்ளையரின் உறுதி இணைப்பில்). மூடியில் வெப்பநிலைத் திரை, ஒரு லித்தியம் பட்டன் செல். புளூடூத் இல்லை. 1,200 துண்டு, 50 பெட்டி, துண்டு 2.10 டொலர்.
> 2. விளையாட்டுப் போத்தல், 750 மில்லிலீற்றர். ஒற்றைச் சுவர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பிளாஸ்டிக் மூடி. 600 துண்டு, 20 பெட்டி, துண்டு 1.05 டொலர்.
> 3. அன்பளிப்புப் பெட்டி: வெற்றிடப் போத்தல் (திரை இல்லை), பந்துமுனைப் பேனா, குறிப்பேடு. 300 செட், 15 பெட்டி, செட் 4.00 டொலர். பிரித்த விலை இணைப்பில்.
>
> மொத்தம் 4,350 டொலர், எஃப்.ஓ.பி. நிங்போ. கொடுப்பனவு வங்கி மூலம் டி.டி. பணமாற்று; 30 வீதம் முற்பணம், மீதி பி.எல். பிரதி கண்டபின். உற்பத்தி நாடு சீனா. நாம் வற் பதிவு பெற்றவர்கள். பதிவுச் சான்றிதழ்களின் பிரதிகள் இணைப்பில்.
>
> தயவுசெய்து எழுத்தில் உறுதிப்படுத்துங்கள்:
>
> அ. ஒவ்வொரு பொருளுக்கும் எட்டு இலக்கக் கோட், அதற்கான காரணம். மூன்றாவதைச் செட்டாக எடுப்பதா பிரிப்பதா?
> ஆ. ஒவ்வொரு கோட்டுக்கும் இன்றைய தேதியில் உள்ள வரிகள் தனித்தனியாக.
> இ. இறக்குமதி லைசென்ஸ், கட்டளைகள் நிறுவனத்தின் பரிசோதனை, வேறு அனுமதி ஏதும் தேவையா?
> ஈ. ஆப்டா உற்பத்தி நாட்டுச் சான்றிதழ் எடுத்தால் எந்தப் பொருளுக்காவது சலுகை உண்டா?
> உ. தேவையான ஆவணங்கள், எவை மூலப்பிரதி, எவை பிரதி?
> ஊ. உங்கள் கட்டணமும், எல்.சி.எல். சரக்குக்கு இங்கே கட்டவேண்டிய மற்றச் செலவுகளும்.
>
> நன்றி.

இணைப்புகளுக்குப் பெயர் வைப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். `IMG_4471.jpg` என்று பத்துப் படம் போனால் ஏஜென்டின் அலுவலகத்தில் யாரும் திறக்கமாட்டார்கள். `01_vacuum_500ml_spec.pdf`, `03_giftset_price_split.pdf` என்று போகட்டும். போத்தலின் படத்தோடு அடிப்பக்கத்தின் படமும், பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதன் படமும் அனுப்புங்கள். பரிசோதனைக்கு வரும் அதிகாரி முதலில் வாசிப்பது அந்த அச்சைத்தான்.

பதிலை எப்படி வாசிப்பது

நல்ல பதிலில் கோட்டுக்குப் பக்கத்தில் காரணம் இருக்கும். நம் முதல் பொருளுக்கு அது இப்படி வரலாம்: 9617 வெற்றிடப் போத்தல்களைப் பெயர் சொல்லியே குறிக்கிறது, ஸ்டீல் பொருட்கள் வரும் 15ஆம் பிரிவின் முதலாம் குறிப்பு 96ஆம் அத்தியாயப் பொருட்களைத் தன்னிலிருந்து விலக்கியிருக்கிறது, ஆகவே ஸ்டீலால் செய்யப்பட்டிருந்தாலும் 73க்குப் போகாது. இரண்டு வரிதான், ஆனால் சுங்கத்தில் கேள்வி வந்தால் நிற்கக்கூடிய இரண்டு வரி.

"இந்தக் கோட்டில டியூட்டி குறைவு, இதில போடுவம்" என்று மட்டும் பதில் வந்தால் அது காரணம் இல்லை. எந்தத் தலைப்பு, எந்தக் குறிப்பு என்று மரியாதையாகத் திருப்பிக் கேளுங்கள். சுங்க அறிவிப்பில் இருக்கும் பெயர் உங்களுடையது. பொருளும் அறிவிப்பும் பொருந்தாவிட்டால் கட்டாத வரியோடு தண்டமும், சில வேளை சரக்குப் பறிமுதலும் இறக்குமதியாளர் தலையில்தான் விழும்.

கோட் கிடைத்ததும் `customs.gov.lk` தளத்திலுள்ள இறக்குமதித் தீர்வை அட்டவணையில் நீங்களும் ஒருமுறை பாருங்கள். ஒவ்வொரு எட்டு இலக்க வரிக்கும் நேரே சலுகைத் தீர்வை, பொதுத் தீர்வை, வற், துறைமுக விமான நிலைய அபிவிருத்தி வரி, செஸ், சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி என்று நிரல்கள் இருக்கும். லைசென்ஸுக்கும் கட்டளைகள் நிறுவனத்துக்கும் சேர்த்து ஒரு குறுகிய நிரல் உண்டு. அதில் ஓர் எழுத்து இருந்தால் முன்னனுமதி வேலை இருக்கிறது என்று பொருள். புதியவர்கள் பொதுத் தீர்வை நிரலை மட்டும் பார்த்துவிட்டு "பரவாயில்லை" என்று ஓடர் போடுகிறார்கள். செஸ் அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். வற் 18 வீதமும் பொருளின் விலைமேல் மட்டும் வருவதில்லை. கப்பல் கூலி, காப்புறுதி சேர்ந்த பெறுமதிமேல் மற்ற வரிகளும் ஏறிய பிறகு, கடைசியாக அந்தத் தொகைமேல் வருகிறது.

வீதங்கள் வர்த்தமானி மூலம் மாறும். ஓடர் போட்ட நாளின் வீதத்தைக் காட்டி விலக்குக் கேட்க முடியாது. அதனால்தான் கடிதத்தில் "இன்றைய தேதியில்" என்று கேட்கிறோம். விலை போடும்போது கொஞ்சம் இடைவெளி விட்டுப் போடுங்கள்.

ஆப்டா என்பது ஆசிய பசிபிக் வர்த்தக உடன்படிக்கை. சீனாவும் இலங்கையும் இதில் இருக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எல்லாப் பொருளுக்கும் சலுகை கிடையாது, இலங்கை ஒப்புக்கொண்ட பட்டியலில் அந்தக் கோட் இருக்க வேண்டும். இருந்தால் சான்றிதழைச் சீனாவிலேயே, அதற்குரிய படிவத்தில் எடுக்க வேண்டும். சப்ளையர் தன் கடிதத் தாளில் "சீனத் தயாரிப்பு" என்று எழுதித் தருவது சலுகைக்கு உதவாது. சரக்கு வழியில் வேறு துறைமுகத்தில் மாற்றி ஏற்றப்படுமானால் அதையும் ஏஜென்டிடம் சொல்லுங்கள், நேரடியாக அனுப்பப்பட்டதற்கு ஆதாரம் கேட்கப்படலாம்.

ஏஜென்ட் இருவரிடம் கேட்டு இரண்டு கோட் வந்தால்? வரி வித்தியாசம் சிறிதென்றால் பலமான காரணம் சொன்னவரோடு போங்கள். வித்தியாசம் பெரிது, பொருளையும் தொடர்ந்து எடுக்கப் போகிறீர்கள் என்றால், கொழும்பு 11 பிரதான வீதியில் இருக்கும் சுங்கத் தலைமையகத்திடம் முன்கூட்டிய வகைப்படுத்தல் தீர்மானம் கேட்டு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். மாதிரியும் விவரக் கையேடும் கொடுக்க வேண்டியிருக்கும், நாளும் எடுக்கும். ஏஜென்டின் மின்னஞ்சல் சுங்கத்தைக் கட்டுப்படுத்தாது, அந்தத் தீர்மானம் கட்டுப்படுத்தும்.

இரண்டாவது மின்னஞ்சல்: வரைவு ஆவணங்கள்

சரக்குத் தயாரானதும் சப்ளையர் இன்வொய்ஸ், பக்கிங் லிஸ்ட், பி.எல். மூன்றின் வரைவையும் அனுப்புவார். "ஓகே" சொல்வதற்கு முன் மூன்றையும் ஏஜென்டுக்கு அனுப்பி, "இதில் மாற்ற வேண்டியது உண்டா?" என்று கேளுங்கள். நிங்போவில் இருக்கும்போது ஒரு வரியைத் திருத்துவது சப்ளையருக்குச் சில நிமிட வேலை. கப்பல் கொழும்புக்கு வந்து, சரக்குப் பட்டியல் சுங்கத்தின் கணினிக்குள் ஏறிய பிறகு அதே வரியைத் திருத்தக் கடிதமும் கட்டணமும் நாட்களும் வேண்டும். அந்த நாட்களில் களஞ்சிய வாடகை ஓடிக்கொண்டே இருக்கும்.

ஏஜென்ட் பார்ப்பார் என்றாலும் நான்கு இடங்களை நீங்களும் விரல் வைத்துப் பாருங்கள். பெறுநர் பெயர், வரிப் பதிவில் இருக்கும் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பதிவில் "டிரேடர்ஸ்" என்றிருக்க பி.எல்.லில் "டிரேடிங்" என்று விழுவது வழக்கமான வழுக்கல். பெட்டி எண்ணிக்கை மூன்றிலும் 85ஆக இருக்க வேண்டும். மொத்த எடை பக்கிங் லிஸ்டிலும் பி.எல்.லிலும் ஒன்றாக இருக்க வேண்டும். வர்ணனை "அன்பளிப்புப் பொருட்கள்" என்றோ "வீட்டுப் பாவனைப் பொருட்கள்" என்றோ மழுப்பலாக இருக்கக்கூடாது. பி.எல்.லில் இடம் குறைவென்றால் சுருக்கலாம். இன்வொய்ஸில் மட்டும் "வெற்றிடம் கொண்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போத்தல், 500 மில்லிலீற்றர்" என்று முழுதாக இருக்கட்டும். அங்கே வெறும் "ஸ்டீல் தண்ணீர்ப் போத்தல்" என்று எழுதிவிட்டு அறிவிப்பில் 9617 போட்டால் கேள்வி வரும். வரி குறைக்கப் பார்க்கிறாரோ என்ற சந்தேகம் அதிகாரிக்கு எழுவது இயல்பு.

எல்.சி.எல். சரக்கில் உங்கள் கையில் வருவது சரக்கு ஒருங்கிணைப்பாளர் தரும் ஹவுஸ் பி.எல். டிலிவரி ஓடரும் கொழும்பிலுள்ள அவருடைய முகவரிடம்தான் எடுக்க வேண்டும். அவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் இந்த மின்னஞ்சலிலேயே ஏஜென்டுக்குக் கொடுங்கள். கப்பல் கூலி எவ்வளவு, யார் கட்டுவது என்பதும் எழுத்தில் வேண்டும்: கப்பல் கூலி சேராத எஃப்.ஓ.பி. விலைமேல் கூலியையும் காப்புறுதியையும் சேர்த்துத்தான் வரிக்குரிய பெறுமதி கணிக்கப்படுகிறது. கடல் கூலி நம்பமுடியாத அளவு மலிவாகத் தெரிந்தால், கொழும்பில் கட்டவேண்டிய முகவர் கட்டணங்களின் பட்டியலை முன்பே கேளுங்கள். குறைத்த காசை அங்கே எடுத்துவிடுவார்கள்.

கப்பல் புறப்பட்டதும்

மூன்றாவது மின்னஞ்சல் சுருக்கமானது: கப்பலின் பெயர், பயண இலக்கம், வரும் தேதி, இறுதி ஆவணங்கள், வங்கி டி.டி. பிரதிகள். முற்பணம், மீதி இரண்டினதும் பிரதி வேண்டும். கூட்டினால் இன்வொய்ஸின் 4,350 வர வேண்டும். வங்கிக் கட்டணம் கழிந்து தொகை குறைந்திருந்தால் அதை அதிலேயே ஒரு வரியில் விளக்குங்கள்.

அடுத்த தடவை அதே போத்தலை எடுக்கும்போது பழைய பதிலை மேலே ஒட்டி, "இதே பொருள், மாற்றம் ஏதும் இல்லை, வரிகளை மட்டும் புதுப்பித்துத் தாருங்கள்" என்று எழுதினால் போதும். ஆனால் மூடி மாறினாலோ, வெற்றிடம் காற்றாக மாறினாலோ, உதிரிப் பாகம் சேர்ந்தாலோ அந்தப் பதில் செல்லாது. உதிரி மூடிகள் 9617இலேயே போகும். பழைய வகைப் பிளாஸ்க்குக்கு மாற்றாக விற்கும் உள் கண்ணாடி அப்படிப் போகாது, அது கண்ணாடிப் பொருளாக 7020. அதற்கு முதலிலிருந்து ஒரு கடிதம் எழுத வேண்டும்.